இத்தாலியில் ஓட்டிய வாடகைக் காருக்கு வந்த அபராதக் கடிதத்தைத் தமிழாக்கும் முறை

இத்தாலிக்குச் சுற்றுலா சென்று திரும்பிய உறவினர் ஒருவர், பல மாதங்கள் கழித்துப் பதிவஞ்சலில் வந்த ஒரு கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பி, "இதில் என்ன எழுதியிருக்கிறது, இவ்வளவு பணம் ஏன் கேட்கிறார்கள்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குக் கொஞ்சம் இத்தாலிய மொழி தெரியும், அல்லது அகராதியின் துணையோடு படிக்க முடியும். அந்தக் கடிதத்தையும், அதற்குக் காரணமான சாலைப் பலகையையும் பிழையின்றித் தமிழாக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை ஒரே ஒரு எடுத்துக்காட்டின் வழியே இங்கே விளக்குகிறேன். அபராதங்களில் பல வகை உண்டு. வாடகைக் காரில் வரும் வெளிநாட்டார் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது பழைய நகர மையங்களின் நுழைவுத் தடையில் என்பதால், அந்த ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்.

எடுத்துக்காட்டு இதுதான். தஸ்கனி மாநிலத்தின் ஒரு பழைய நகரம். நாள் 2024 மே 11, சனிக்கிழமை, காலை 10.42. சென்னையிலிருந்து சென்ற ஒரு குடும்பம், பீசா விமான நிலையத்தில் வாடகைக்கு எடுத்த காரில், கைப்பேசி காட்டிய வழியே தங்கும் விடுதியை நோக்கிச் செல்கிறது. யாரும் நிறுத்தவில்லை, தடுப்புக் கம்பமும் இல்லை. கடிதம் அவர்கள் கைக்குக் கிடைத்தது 2025 பிப்ரவரி 20 அன்று. கடிதத்தில் உள்ள விவரங்களை நானே அமைத்திருக்கிறேன். சொற்கள் உண்மைக் கடிதங்களில் வருபவையே.

முதல் படி: பலகையை முதலில் படியுங்கள்

கடிதத்தில் தொடங்குவதே இயல்பு என்று தோன்றும். ஆனால் பலகையில் என்ன இருந்தது என்பது புரியாமல் கடிதத்தின் குற்ற வாசகம் புரியாது. மேல்முறையீட்டுக்குக் காரணம் உண்டா என்பதும் தெரியாது. எனவே வண்டி ஓட்டியவரிடம் அந்த நாளில் எடுத்த புகைப்படங்கள் உள்ளனவா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடிதத்தில் உள்ள தெருப் பெயரை இணையத்தின் தெருக்காட்சியில் தேடிப் பலகையைப் பாருங்கள். அந்தப் படம் எந்த ஆண்டு எடுக்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் பலகைகள் மாற்றப்படுவதுண்டு.

நுழைவில் வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு விளிம்பு கொண்ட குறி இருக்கும். அதன் கீழோ மேலோ "ஸோனா ஆ த்ராஃபிகோ லிமிதாத்தோ" என்று எழுதியிருக்கும். ZTL என்று சுருக்கியும் போடுவார்கள். "மட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்து வலயம்" என்று தமிழில் எழுதினால் சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் படிப்பவர் "போக்குவரத்து குறைவாக இருக்கும் இடம் போலும்" என்று நினைத்துவிடுவார். "அனுமதிச் சீட்டில்லாத வண்டிகள் குறிப்பிட்ட நேரத்தில் நுழையக் கூடாத பகுதி" என்று நீட்டி எழுதுவதே பயனுள்ள மொழிபெயர்ப்பு.

அடுத்து வருவது ஒளிரும் பலகை. பயணிகளைப் பெரிதும் தவறாக நடத்திச் செல்லும் சொல் இதில்தான் இருக்கிறது. பல நகரங்களில் அதில் VARCO ATTIVO என்றோ VARCO NON ATTIVO என்றோ ஒளிரும். "வார்கோ" என்பது வாயில். "அத்தீவோ" என்பது இயக்கத்தில் உள்ளது. இதைப் "வாயில் இயங்குகிறது" என்று மொழிபெயர்த்தால் வாயில் திறந்திருக்கிறது, உள்ளே போகலாம் என்று எவரும் கொள்வர். உண்மையில் இயங்குவது வாயிலிலுள்ள கண்காணிப்புக் கேமரா. அது இயங்குகிறது என்றால் தடை நடைமுறையில் உள்ளது, உள்ளே போகக் கூடாது. "நோன் அத்தீவோ", அதாவது இயங்கவில்லை என்று வந்தால்தான் போகலாம். இந்தக் குழப்பம் பரவலானது. 2019இல் இத்தாலியப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், வாயில் என்ற சொல்லை விட்டுவிட்டு ZTL ATTIVA, ZTL NON ATTIVA என்று எழுதும்படி பரிந்துரைக்கப்பட்டது. பழைய வாசகம் இன்னும் பல ஊர்களில் மின்னுகிறது. தமிழில் நான் எழுதுவது: "தடை நடைமுறையில் உள்ளது: நுழையாதீர்", "தடை இல்லை: நுழையலாம்". சொல் மாறினாலும் ஓட்டுநர் செய்ய வேண்டிய செயல் மாறாமல் சென்று சேர வேண்டும் என்பதே இங்கே அளவுகோல்.

மூன்றாவது, வட்டக் குறியின் கீழே தொங்கும் சிறிய வெள்ளைத் தகடு. அதில் நேரமும் நாள்களும் இருக்கும். நாள்களை எழுத்தால் எழுதாமல் குறியால் காட்டுவார்கள். ஒன்றன்மீது ஒன்றாகக் குறுக்கே வைத்த இரண்டு சுத்தியல்கள் வேலை நாள்களைக் குறிக்கும். சிலுவைக் குறி ஞாயிற்றையும் அரசு விடுமுறை நாள்களையும் குறிக்கும். எழுத்தில் வந்தால் முன்னது "ஃபெரியாலி", பின்னது "ஃபெஸ்தீவி". இங்கேயும் இரண்டு பொறிகள் உள்ளன. இத்தாலிய மொழியில் "ஃபெரியே" என்றால் விடுமுறை. அதை அறிந்தவர் "ஃபெரியாலி" என்பதையும் விடுமுறை நாள்கள் என்று மொழிபெயர்த்து, பொருளை அப்படியே தலைகீழாக்கிவிடுவார். மற்றது, வேலை நாள்கள் என்று எழுதியதும் படிப்பவர் மனத்தில் திங்கள் முதல் வெள்ளி என்று பதிவது. இத்தாலியச் சாலைப் பலகையில் சனிக்கிழமையும் வேலை நாளே. "திங்கள் முதல் சனி வரை" என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள். நம் எடுத்துக்காட்டில் தகட்டில் சுத்தியல் குறியும் 7.30–19.30 என்ற நேரமும் இருந்தன. சனிக்கிழமை விடுமுறைதானே என்று குடும்பத் தலைவர் நினைத்தார். அவருடைய தவறு இந்த ஒரு சொல்லில்தான் தொடங்கியது.

"எச்செத்தோ" என்ற சொல் "தவிர" என்று பொருள்படும். "எச்செத்தோ ஆவுதோரிஸாத்தி" என்றால் அனுமதி பெற்றவர்களைத் தவிர, "எச்செத்தோ ரெஸிதெந்தி" என்றால் அப்பகுதிவாசிகளைத் தவிர. பயணியும் விடுதியில் தங்குபவர்தானே என்று கேட்பார். விடுதி அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணை நகர அலுவலகத்திடம் பதிவு செய்து நுழைய அனுமதி பெற்றுத்தர விடுதியாரால் முடியும். பெரும்பாலும் அதற்கென ஒரு கால வரம்பும் உண்டு. விடுதியில் பேசிப் பதிவு செய்யாமல் தானாக அந்த உரிமை வந்துவிடாது.

இரண்டாம் படி: கடிதம் எந்த வகை என்று பிரித்தறியுங்கள்

பெரும்பாலும் அபராதக் கடிதத்திற்கு முன்பே, வாடகை நிறுவனம் கடன் அட்டையிலிருந்து ஒரு தொகையை எடுத்துவிட்டிருக்கும். அது அபராதம் அன்று. காவல் துறை வண்டி எண்ணைக் கொண்டு நிறுவனத்தைக் கேட்கும்போது, அன்று யார் ஓட்டினார் என்ற விவரத்தைத் தருவதற்காக நிறுவனம் எடுக்கும் அலுவலகக் கட்டணம் அது. வாடகை ஒப்பந்தத்தில் அதற்கு ஓர் உட்பிரிவு இருக்கும். "ஏற்கெனவே கட்டிவிட்டேன்" என்று சொல்லிக் கடிதத்தை ஒதுக்கி வைப்பவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். இதைத் தெளிவாக விளக்குவதும் மொழிபெயர்ப்பாளரின் வேலைதான் என்பது என் கருத்து. விளக்காவிட்டால், கடிதம் கிடைத்த ஐந்து நாளுக்குள் கட்டுவோருக்குக் கிடைக்கும் தள்ளுபடி வீணாகிவிடும். 

கடிதத்தின் தலைப்பு "வெர்பாலே தி அச்செர்த்தாமெந்தோ" என்று தொடங்கினால் அது முறையான குற்ற அறிக்கை. "வெர்பாலே" என்பது அலுவலர் எழுதிய பதிவேடு, "அச்செர்த்தாமெந்தோ" என்பது குற்றம் உறுதி செய்யப்பட்ட செயல். "வாய்மொழி" என்று எழுதிவிடாதீர்கள். ஆங்கிலச் சொல் ஒன்றை நினைவூட்டுவதால் வரும் பிழை அது. கீழே ஊர்க் காவல் நிலையத்தின் பெயர், அறிக்கை எண், 1992ஆம் ஆண்டின் 285ஆம் எண் ஆணையால் ஆன சாலைச் சட்டத்தின் எந்தப் பிரிவு மீறப்பட்டது என்பவை வரும். நுழைவுத் தடைக்கு அது 7ஆம் பிரிவு. வண்டியின் எண் "தார்கா" என்ற சொல்லின் பின் இருக்கும். அந்த எண் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று ஒப்பிடுங்கள். குற்ற நேரம் வண்டியைத் திருப்பித் தந்த நேரத்திற்கு முந்தியதா என்றும் பாருங்கள். ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டாம்.

மூன்றாம் படி: குற்ற வாசகம்

எடுத்துக்காட்டில் வரும் வாசகம், வண்டி "அனுமதியின்றி நுழைவுத் தடைப் பகுதியில் ஓட்டப்பட்டது" என்ற பொருளில் இருக்கும். அதைத் தொடர்ந்து ஒரு நீளமான வாக்கியம் வரும்: குற்றம் உடனே "கொந்தெஸ்தாத்தா" செய்யப்படவில்லை, ஏனெனில் அது தானியங்கிக் கருவியால் கண்டறியப்பட்டது என்று. ஆங்கிலம் தெரிந்தவர் இதைப் பார்த்ததும், "குற்றம் மறுக்கப்படவில்லை" என்று எழுதிவிடுவார். கடிதம் பெற்றவரோ, "நான் மறுக்கவே இல்லை என்று பொய் எழுதியிருக்கிறார்கள்" என்று கோபப்படுவார். இந்தச் சொல்லுக்கு இங்கே பொருள் வேறு: அலுவலர் வண்டியை நிறுத்தி, அதே இடத்தில் ஓட்டுநரிடம் குற்றத்தை எடுத்துச் சொல்வதையே அது குறிக்கிறது. "குற்றத்தை அப்போதே நேரில் தெரிவிக்க இயலவில்லை, காரணம், கேமரா மூலம் அறியப்பட்டது" என்பதே சரியான தமிழ். இத்தகைய வாக்கியம் கடிதத்தில் இருப்பது வழக்கமே, கவலைப்பட ஒன்றுமில்லை.

"திராஸ்கிரெஸ்ஸோரே" என்பது குற்றம் செய்தவர், அதாவது ஓட்டியவர். "ஒப்லிகாத்தோ இன் சோலிதோ" என்பது அவரோடு சேர்ந்து பணம் கட்டக் கடமைப்பட்டவர். இதை "கூட்டுப் பொறுப்பாளர்" என்று எழுதி, அடைப்பில் ஒரு வரி விளக்கம் தருவது நல்லது. கடிதம் யார் பெயரில் வந்திருக்கிறது, எந்தத் தகுதியில் வந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு சொற்களே சொல்கின்றன.

வேகத்துக்கான கடிதமாக இருந்தால் இன்னொரு காகிதமும் இருக்கும்: ஓட்டியவரின் பெயரும் உரிம எண்ணும் கேட்கும் படிவம். நுழைவுத் தடைக் குற்றத்துக்கு ஓட்டுநர் உரிமப் புள்ளிகள் கழிக்கப்படுவதில்லை என்பதால், நம் எடுத்துக்காட்டில் அது வேண்டாம். வேக வரம்பை மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் மீறிய கடிதத்தில் அந்தப் படிவம் இருந்தால், அதை நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விடுவது தனிக் குற்றமாகி, இன்னொரு அபராதத்துக்கு வழி வகுக்கும்.

நான்காம் படி: தொகையும் நாளும்

கடிதத்தின் பயன் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பெரும்பாலான பிழைகளும் இங்கேதான் நேர்கின்றன. முதலில் எண் எழுதும் முறையைப் பாருங்கள். இத்தாலியில் பின்னத்தைப் பிரிக்க முற்றுப்புள்ளி போடாமல் காற்புள்ளி போடுவார்கள். ஆயிரத்தைப் பிரிக்க முற்றுப்புள்ளி. 83,10 என்பது எண்பத்து மூன்று யூரோ பத்து சென்ட். நேரத்தை 10.42 என்று புள்ளியிட்டு எழுதுவார்கள். அதைத் தொகை என்று நினைக்க வேண்டாம்.

நம் கடிதத்தில் குறைந்தபட்ச அபராதம் 83 யூரோ, அதிகபட்சம் 332 யூரோ, அஞ்சல் மற்றும் அலுவலகச் செலவு 25 யூரோ என்று கொள்வோம். சட்டம் மூன்று நிலைகளை வைத்திருக்கிறது. கடிதம் கைக்குக் கிடைத்த 5 நாள்களுக்குள் கட்டினால் அபராதத்தில் 30 விழுக்காடு குறையும்: 83க்குப் பதில் 58,10, செலவு 25 சேர்த்து 83,10. ஆறாம் நாள் முதல் அறுபதாம் நாள் வரை 83. செலவு சேர்த்து 108. அறுபது நாள் கடந்தால் அதிகபட்சத்தில் பாதி, அதாவது 166. செலவு சேர்த்து 191. செலவுத் தொகையில் தள்ளுபடி இல்லை என்பதைக் கவனியுங்கள். 108இன் 70 விழுக்காடு என்று தாமாகக் கணக்கிட்டு 75,60 அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைத்துக் கட்டினால் அது முன்பணமாகவே எடுத்துக்கொள்ளப்படும். மீதி நிலுவையாகிக் கூடும்.

கடிதத்தில் "மிசூரா ரிதோத்தா" என்று வரும். "குறைந்த அளவில்" என்று சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கக் கூடியது. ஆனால் இது 5 நாள் தள்ளுபடியைக் குறிப்பது அன்று. அறுபது நாளுக்குள் கட்டும் குறைந்தபட்ச 83 யூரோவையே குறிக்கும். 30 விழுக்காட்டுத் தள்ளுபடிக்குத் தனி வரி இருக்கும். ஆகவே தமிழாக்கத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் எழுதக் கூடாது: முன்னதை "குறைந்தபட்ச அபராதம்" என்றும், பின்னதை "5 நாள் தள்ளுபடித் தொகை" என்றும் பிரித்து எழுதுங்கள்.

நாள்களை எங்கிருந்து எண்ணுவது? கடிதத்தில் இரண்டு வகை நாள்கள் இருக்கும். குற்றம் நடந்த நாள் ஒன்று. கடிதம் முறைப்படி கைக்கு வந்து சேர்ந்த நாள் மற்றொன்று; இதை "நோத்திஃபிகா" என்பார்கள். 5 நாளும் 60 நாளும் இரண்டாவதிலிருந்து தொடங்கும். எனவே பதிவஞ்சல் உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். அதிலுள்ள முத்திரையும், அஞ்சல்காரரிடம் கையெழுத்திட்ட நாளும் சான்று. நம் குடும்பம் பிப்ரவரி 20 அன்று கையெழுத்திட்டது; எனவே பிப்ரவரி 25 தள்ளுபடிக்கான கடைசி நாள்.

குற்றம் நடந்த நாளிலிருந்தும் ஒரு கணக்கு உண்டு. வெளிநாட்டில் வசிப்பவருக்குக் குற்றம் உறுதியான நாளிலிருந்து 360 நாள்களுக்குள் கடிதம் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். இத்தாலியில் வசிப்பவருக்கு அது 90 நாள். 2024 மே 11இலிருந்து 2025 பிப்ரவரி 20 வரை எண்ணினால் 285 நாள். எனவே, "இவ்வளவு தாமதமாக வந்த கடிதம் செல்லாது" என்று உறவினர்கள் சொல்லும் வாதம் இங்கே நிற்காது. 360ஐ நெருங்கும் கடிதங்களில், ஓட்டுநரின் பெயரை வாடகை நிறுவனம் எப்போது தெரிவித்தது என்பதைக் காட்டி, காவல் துறை வேறு கணக்குச் சொல்லவும் கூடும். வெறும் நாள் எண்ணிக்கையை மட்டும் நம்பி மேல்முறையீடு செய்யுமாறு சொல்ல நான் துணிவதில்லை.

மேல்முறையீடு என்ற சொல்லுக்குக் கடிதத்தில் "ரிக்கோர்ஸோ" என்று இருக்கும். இரண்டு வாயில்கள் உண்டு, இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுக்கலாம். ஒன்று, மாவட்ட அரசுப் பிரதிநிதியான ப்ரெஃபெத்தோவிடம் 60 நாளுக்குள் எழுதுவது. இதற்குக் கட்டணம் இல்லை. அவர் மனுவைத் தள்ளிவிட்டால் குறைந்தபட்சத்தின் இரு மடங்குக்குக் குறையாத தொகை கட்ட நேரும்: இங்கே 166 யூரோவுக்குக் குறையாது. மற்றொன்று, சிறு வழக்கு நீதிபதியான ஜூதிச்சே தி பாச்சேயிடம் செல்வது. இத்தாலியில் வசிப்பவருக்கு 30 நாள், வெளிநாட்டில் வசிப்பவருக்கு 60 நாள். நீதிமன்றக் கட்டணமும் உண்டு. அபராதத்தைக் கட்டிவிட்டால் இரண்டு வழியும் மூடிவிடும் என்பதைத் தமிழாக்கத்தில் தடித்த எழுத்தில் எழுதுங்கள். வண்டி எண் தவறு, வண்டியைத் திருப்பித் தந்த பின் நடந்த குற்றம், விடுதி பதிவு செய்திருந்த அனுமதி ஆகியவை வாதாடத் தக்க காரணங்கள். பலகையின் சொல் எனக்குப் புரியவில்லை என்பது அவ்வாறு கொள்ளத் தக்கதன்று. மனுவும் இத்தாலிய மொழியில் எழுதப்பட வேண்டும்.

நிறுத்துமிடக் கடிதமாக இருந்தால்

வண்டியை நிறுத்தியதற்கான கடிதங்களில் மாறிப்போகும் சொற்கள் சிலவே. "சோஸ்தா" என்பது வண்டியை விட்டு நிறுத்தி வைப்பது. "ஃபெர்மாத்தா" என்பது ஆளை ஏற்றி இறக்க ஒரு நொடி நிற்பது. பலகையில் முன்னது மட்டும் தடை செய்யப்பட்டிருந்தால் ஆளை இறக்கிவிட்டுப் போகலாம். பின்னது தடை செய்யப்பட்டிருந்தால் அதுவும் கூடாது. "பாஸ்ஸோ கர்ராபிலே" என்ற பலகை ஒரு வாசலில் இருந்தால், அது வண்டி வெளியே வரும் வழி, முன்னால் நிறுத்தக் கூடாது என்று பொருள். "ரிமோத்ஸியோனே ஃபோர்சாத்தா" என்றால் வண்டியை இழுத்துச் சென்றுவிடுவார்கள்.

இவற்றையெல்லாம் விட நான் பிழை விட்டது தெருச் சுத்தம் செய்யும் நாளைக் குறிக்கும் பலகையில். மாதத்தின் முதல், மூன்றாம் வியாழக்கிழமைகளில் 0 மணி முதல் 6 மணி வரை என்று எழுதியிருந்தது. நண்பர் ஒருவருக்காக அதைத் தமிழாக்கியபோது வியாழன் இரவு என்று எழுதிவிட்டேன். 0 மணி என்பது புதன் இரவு முடிந்து வியாழன் பிறக்கும் நேரம். நண்பர் புதன் இரவு படுக்கப் போகும் முன்பே காரை மாற்றியிருக்க வேண்டும். காலையில் கார் அங்கே இல்லை.

கடைசிப் படி: பணம் அனுப்புவது

வெளிநாட்டிலிருந்து கட்டுவோருக்குக் கடிதத்தில் வங்கிக் கணக்கு எண்ணும், சில சமயம் அட்டையால் கட்டும் இணையப் பக்கமும் இருக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியைக் கடிதத்திலிருந்தே தட்டச்சு செய்யுங்கள். தேடுபொறியில் தேடிக் கிடைப்பதை நம்ப வேண்டாம். பரிமாற்றத்தில் "கௌசாலே" என்ற இடம் இருக்கும். செலுத்தும் காரணம் என்று பொருள். இங்கே தமிழிலோ ஆங்கிலத்திலோ விளக்கம் எழுத வேண்டாம், அறிக்கை எண்ணையும் வண்டி எண்ணையும் கடிதத்தில் உள்ளபடியே எழுதுங்கள். அது இல்லாமல் போன பணம் எந்தக் கடிதத்திற்கு என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாமல், கட்டியும் கட்டாதவராக நினைவூட்டல் வரும். வங்கிக் கட்டணங்கள் அனைத்தையும் அனுப்புபவரே ஏற்பதாகத் தேர்ந்தெடுங்கள். இடைவங்கி 10 யூரோ பிடித்துக்கொண்டால், 83,10 அனுப்பியது 73,10 ஆகச் சேர்ந்து, தள்ளுபடி கைநழுவும். பணம் அவர்கள் கணக்கில் சேரும் நாளையே கணக்கில் கொள்ளுங்கள். வாரக் கடைசியில் அனுப்பும் பணம் தாமதமாகலாம். நம் எடுத்துக்காட்டில் பிப்ரவரி 25 செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமையே அனுப்பிவிடுவது நல்லது. அல்லது இணையப் பக்கத்தில் அட்டையால் கட்டி, ரசீதின் படத்தைச் சேமித்துக்கொள்ளலாம்.